திங்கட்கிழமை ஏழரை மணி

காலையில் எழுந்ததும் தேதி கிழிப்பது எங்கள் வீட்டில் என் வேலை. பல் விளக்குவதற்கு முன்பே கை அங்கே போய்விடும். கிழித்த தாளை எறிவதில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால் பலசரக்குச் சிட்டை எழுத ஆகும். அப்படி மேஜை டிராயரில் சேர்ந்து கிடந்த தாள்களை நேற்று அடுக்கிக்கொண்டிருந்தபோது 2026 ஜனவரி 26ஆம் தேதித் தாள் கையில் வந்தது. அதை வைத்து ஒரு பழைய சண்டையை இங்கே போட்டுவிடலாம் என்று தோன்றியது. வீட்டில் போட்டுப் பார்த்தேன், யாரும் கேட்கவில்லை. நீங்கள் எழுந்து போக முடியாது என்ற தைரியம்தான்.

தாளை முதலில் வாசித்துவிடுவோம். நடுவில் கொட்டை எழுத்தில் 26. மேலே ஜனவரி, திங்கள். குடியரசு தினம் என்பதால் சிவப்பு. பக்கத்தில் விசுவாவசு வருடம், தை 12. அடியில் வளர்பிறை அஷ்டமி, அசுவினி நட்சத்திரம், ஒவ்வொன்றும் எத்தனை மணி வரை என்ற குறிப்பு. அதற்கும் கீழே நல்ல நேரம், கௌரி நல்ல நேரம், ராகு காலம் 7.30 – 9.00, எமகண்டம் 10.30 – 12.00, குளிகை 1.30 – 3.00, சூலம் கிழக்கு, பரிகாரம் தயிர். கடைசியில் பன்னிரண்டு ராசிக்கும் ஒற்றைச் சொல்லில் பலன்.

இவ்வளவும் ஒரே தாளில், ஒரே மையில் வருவதால் எல்லாம் ஒரே தராசில் நிறுத்தப்பட்ட சரக்கு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. ஆங்கிலத் தேதியும் சிவப்பு நிறமும் அரசாங்கக் கணக்கு. தமிழ்த் தேதி, திதி, நட்சத்திரம் ஆகாயக் கணக்கு. சூரியன் மகர ராசிக்குள் நுழைவதை வைத்துத் தை ஒன்று வருகிறது. சூரிய அஸ்தமனத்துக்கு முன் நுழைந்தால் அன்றே முதல் தேதி, அதற்குப் பின் நுழைந்தால் மறுநாள். திதி என்பது சூரியனிடமிருந்து சந்திரன் விலகி நிற்கும் தூரம். பன்னிரண்டு பாகை விலகினால் ஒரு திதி. எட்டாவது திதி நடந்தால் வானத்தில் ஏறக்குறைய பாதிச் சந்திரன் இருக்க வேண்டும். ஜனவரி 26ஆம் தேதி சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள், உச்சிவானத்தில் சரியாகப் பாதி வெட்டின தேங்காய் மாதிரி நின்றது. தாள் சொன்னதும் வானம் காட்டியதும் ஒத்துப்போயின. இந்த வரிகளைக் கணிக்கிறவர்கள் நிஜமாகவே கணக்குப் போடுகிறார்கள், அவர்களுக்கு என் கும்பிடு.

(வாக்கியம், திருக்கணிதம் என்று அவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29இல் சனிப்பெயர்ச்சி என்று ஊரெல்லாம் பரபரப்பாக இருந்தது. வாக்கியம் பார்க்கும் திருநள்ளாறு கோயிலிலோ அன்றைக்குப் பெயர்ச்சி இல்லை, 2026இல்தான் என்று அறிவித்தார்கள். ஆனாலும் இரு தரப்பும் ஏதோ ஒரு கணக்கைப் போட்டுத்தான் சண்டை போடுகிறார்கள். அதனால் அந்தப் பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை.)

என் சண்டை அடுத்த பகுதியோடுதான். ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம் என்ற வரிகளுக்கு அன்றைய வானத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. நம்பாதவர்கள் ஒரு காரியம் செய்யலாம். நான்கு மாதங்களிலிருந்து நான்கு திங்கட்கிழமைத் தாள்களை எடுத்து வரிசையாக வையுங்கள். திதி மாறியிருக்கும், நட்சத்திரம் மாறியிருக்கும். ராகு காலம் மட்டும் நான்கிலும் 7.30 – 9.00. வருடத்தின் எல்லாத் திங்கட்கிழமைக்கும் அதுவேதான். அது கணித்துப் போட்ட வரி அல்ல, கிழமை அட்டவணையிலிருந்து எடுத்து ஒட்டிய வரி. கிழமைகளின் முதலெழுத்துகளைக் கோத்து ஒரு வாக்கியமாகச் சொல்லிக் கொடுப்பார்களே, திங்கள் முதலில், பிறகு சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், கடைசியில் ஞாயிறு; ஏழரையில் தொடங்கி ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி கூட்டிக்கொண்டே போனால் முடிந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூடத் தாளைப் பார்க்காமல் சொல்லிவிடும்.

“அதனாலென்ன, முன்னோர் அப்படித்தான் வகுத்திருக்கிறார்கள்” என்பீர்கள். இல்லை ஐயா. முன்னோர் அப்படி வகுக்கவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நம்முடைய பழைய நாள் கணக்கு சூரிய உதயத்தில் தொடங்குகிறது. ஒரு நாளுக்கு அறுபது நாழிகை, ஒரு நாழிகைக்கு இருபத்து நான்கு நிமிடம். பகலை, அதாவது உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை உள்ள நேரத்தை, எட்டாகப் பங்கு போட்டு அதில் ஒரு பங்கை ராகுவுக்குக் கொடுத்தார்கள். திங்கட்கிழமை என்றால் இரண்டாவது பங்கு. பகல் சரியாக முப்பது நாழிகை என்றால் ஒரு பங்கு மூன்றே முக்கால் நாழிகை, நம் கணக்கில் ஒன்றரை மணி. உதயம் சரியாக ஆறு மணி என்று வைத்துக்கொண்டால் இரண்டாவது பங்கு ஏழரைக்குத் தொடங்கும். “சரியாக முப்பது நாழிகை”, “சரியாக ஆறு மணி” என்ற இந்த இரண்டும் விளக்கத்துக்காகச் சொன்ன உதாரணம். எப்போதோ யாரோ அந்த உதாரணத்தையே விடையாக அச்சடித்துவிட்டார்கள்.

விருதுநகரில் சூரியன் ஆறு மணிக்கு உதிப்பதில்லை. இந்தியா முழுமைக்குமான நம் கடிகாரம் கிழக்கே 82½ பாகையில் உள்ள ஒரு கோட்டை வைத்து ஓடுகிறது. நாம் அதற்கு மேற்கே, ஏறக்குறைய 78 பாகையில் இருக்கிறோம். பாகைக்கு நான்கு நிமிடம் என்று பார்த்தால், சராசரியாகவே நமக்கு உச்சிப்பொழுது பன்னிரண்டு மணி பதினெட்டு நிமிடத்துக்குத்தான் வருகிறது. ஜனவரிக் கடைசியில் சூரியன் இன்னும் பதின்மூன்று நிமிடம் போலத் தாமதிக்கும். ஆக, ஜனவரி 26 அன்று நம் ஊரில் உதயம் சுமார் 6.40, அஸ்தமனம் சுமார் 6.20. ஒரு நிமிடம் முன்பின் இருக்கலாம். சில தாள்களில் சூரிய உதயத்தையும் அச்சடிக்கிறார்கள். மேலே ஆறரைக்கு மேல் உதயம் என்று போட்டுவிட்டு, கீழே ஆறு மணிக்கு உதித்ததாகக் கொண்ட ராகு காலத்தைப் போட்டிருப்பார்கள். இரண்டும் ஒரே தாளில் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி முகம் பார்க்காமல் குடியிருக்கின்றன.

இப்போது கணக்கைப் போடுவோம். 6.40 முதல் 6.20 வரை பகல் 11 மணி 40 நிமிடம். அதாவது 700 நிமிடம். எட்டால் வகுத்தால் ஒரு பங்கு 87½ நிமிடம். முதல் பங்கு 8.07க்குக் கொஞ்சம் மேலே முடிகிறது. இரண்டாவது பங்கு அங்கே தொடங்கி 9.35க்கு முடிகிறது. சாஸ்திரப்படி அன்றைய ராகு காலம் விருதுநகரில் 8.08 – 9.35. தாளில் இருப்பது 7.30 – 9.00.

அரைமணிதானே என்று நினைப்பவர்களுக்காகத்தான் அடுத்ததைச் சொல்கிறேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று நிறைய நாள் யோசித்திருக்கிறேன்.

1987ஆம் வருடக் காலண்டரும் 2026 காலண்டரும் கிழமைக்குக் கிழமை ஒன்றே. 1987 ஜனவரி 26ம் திங்கட்கிழமைதான். அன்று காலை என் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் இடது தோள் வலிக்கிறது என்றார். சட்டை முழுக்க வேர்வை. தை மாசக் குளிரில் அப்படி வேர்த்துப் பார்த்ததில்லை. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வாடகைக் காரில் கால்மணி நேரம். கார் வாசலுக்கு வந்தபோது மணி ஏழு நாற்பது. எங்கள் அத்தை, அப்பாவின் அக்கா, காலண்டர் முன்னால் நின்று திரும்பினாள்.

“ஏழரை தாண்டிருச்சேப்பா. ராகு காலம் பொறந்திருச்சு. இந்நேரம் நோயாளிய வாசப்படி தாண்ட வைக்கப்படாது. ஒம்பது அடிச்சதும் கெளம்புங்க.”

நான் வாயைத் திறக்குமுன் அப்பாவே, “அக்கா சொல்றது சரிதாம்ல. இப்பம் கொஞ்சம் தேவல” என்றார். தேவலாமல் இல்லை. அவருக்கு அக்காவின் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லை, எனக்கு அப்பாவின் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு எண்பது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். டிரைவர் இரண்டு முறை உள்ளே எட்டிப் பார்த்தார். ஒன்பது ஐந்துக்குப் புறப்பட்டோம். டாக்டர் பரிசோதித்துவிட்டு வலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார், சொன்னோம். இவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அப்பா பிழைத்தார். ஆனால் இதயத்தில் ஒரு பகுதி அன்றைக்கே போய்விட்டது. அதன்பின் பதினொரு வருடம் இருந்தார், மாடிப்படி ஏறாமல், கடைக்குப் போகாமல், தெருமுனை வரை நடந்தால் மூச்சிரைக்க.

மேலே போட்ட கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள். ஜனவரி 26இன் உதயமும் அஸ்தமனமும் வருடத்துக்கு வருடம் அநேகமாக மாறுவதில்லை. கார் வந்த 7.40க்கு ராகு காலம் தொடங்கவே இல்லை. இன்னும் இருபத்தெட்டு நிமிடம் இருந்தது. அப்போதே கிளம்பியிருந்தால் ராகு வருமுன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பார். அத்தை காத்திருக்கச் சொன்ன நேரத்தில்தான் அசல் ராகு காலம் வந்தது. நாங்கள் வாசப்படி தாண்டிய 9.05 அந்த ராகு காலத்தின் நட்டநடுவுக்கும் கொஞ்சம் அப்பால். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோதும் அது முடியவில்லை. அத்தை நம்பிய சாஸ்திரத்தையே அப்படியே ஒப்புக்கொண்டு சொல்கிறேன், எங்கள் குடும்பம் அன்று நல்ல நேரத்தை வீணடித்துவிட்டு ராகு காலத்தில் புறப்பட்டது.

அத்தை மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் எழுத்துக்கூட்டி வாசிப்பவள். தாளில் இருந்ததைத்தான் படித்தாள். தம்பி மேல் உயிர். கோபம் அந்த வரியின் மேல்.

தை மாதம் மட்டும்தான் இப்படி என்று ஒருவர் போன தடவை வாதித்தார். வைகாசிக்குப் போவோம். மே மாதக் கடைசியில் நம் ஊரில் உதயம் ஆறு மணிக்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பே வந்துவிடும். அப்பாடா, தாள் சரியாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் அப்போது பகல் நீளம். அஸ்தமனம் 6.33 வாக்கில். எட்டில் ஒரு பங்கு 94 நிமிடத்துக்கு மேல் வரும். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் எட்டாவது பங்கு, தாளில் 4.30 – 6.00. கணக்கில் ஐந்து மணிக்குத் தொடங்கி ஆறரை தாண்டி முடிகிறது. காலையில் ஒத்துப்போனது மாலையில் கைவிட்டுவிட்டது. ஆறு மணி முடிந்தது என்று பெண் பார்க்கப் புறப்படுகிறவர்கள் இன்னும் அரைமணி நேரம் ராகுவோடுதான் ஜோடி சேர்ந்து போகிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கை மகன் இங்கிருந்து வருடா வருடம் காலண்டர் வாங்கிப் போகிறான். அங்கே உதயமே ஏழு மணிவாக்கில். திங்கட்கிழமை ராகு காலம் எட்டரையிலிருந்து பத்து என்று வரும். சிவகாசி அச்சடித்த ஏழரையை அவன் சிங்கப்பூர்ச் சுவரில் ஆணியடித்து மாட்டி அதன்படி நடக்கிறான்.

பஞ்சாங்கப் புத்தகம் பார்ப்பவர்கள் இந்தத் தவறைச் செய்வதில்லை. நல்ல ஜோசியர் உதயம் பார்த்துத்தான் முகூர்த்தம் குறிப்பார். அதனால்தான் கல்யாணப் பத்திரிகையில் ஏழு மணி இருபத்திரண்டு நிமிடத்துக்கு மேல் என்று விசித்திரமான எண்கள் இருக்கும். தினசரித் தாளில்தான் எல்லாம் அரைமணியில் அழகாக நிற்கின்றன. இவ்வளவு உருண்டையான எண்ணைக் கண்டாலே சந்தேகப்பட்டிருக்க வேண்டும், நாம் படவில்லை.

காலண்டர் அச்சுத் தொழிலில் பழகிய ஒருவரிடம் இதைக் கேட்டேன். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருட ஆல்பம் போடுகிற சமயம், நல்ல மனநிலையில் இருந்தார்.

“அண்ணாச்சி, நீங்க சொல்றது வாஸ்தவம். ஆனா எந்த ஊர் உதயத்த வச்சு நான் அடிக்க? இந்தத் தேதிக் கட்டு மெட்ராசுக்கும் போகுது, கோயம்புத்தூருக்கும் போகுது. அட்டையில சாமி படமும் கடைப் பேரும்தான் மாறும், உள்ள இருக்கிற தாளு ஒண்ணுதான். சரி, கஷ்டப்பட்டு 8.08னு போட்டேன்னு வைங்க, அம்புட்டும் திரும்பி வந்திரும். ராகு காலம்கூடத் தெரியாதவன் அச்சடிச்சிருக்கான்னு சொல்லுவாங்க.”

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சரியான எண்ணைத் தவறு என்று திருப்பி அனுப்பப் போவது நாம்தான். எனவே இந்தச் சண்டை அச்சகத்தாரோடு மட்டுமல்ல.

இன்னொரு பதிலும் எனக்கு அடிக்கடி வரும். “எங்க வீட்ல அம்பது வருசமா தாளைப் பாத்துத்தான் எல்லாம் செய்றோம், நல்லாத்தான் இருக்கோம்.” சந்தோஷம். ஆனால் அந்த ஐம்பது வருடமும் நீங்கள் தவிர்த்தது ராகு காலத்தை அல்ல. தை மாசியில் ராகு காலத்தின் ஒரு பகுதி உங்கள் நல்ல நேரத்துக்குள்ளேயே இருந்தது. அதில் பால் காய்ச்சினீர்கள், பத்திரம் பதிந்தீர்கள், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தீர்கள். ஒன்றும் ஆகவில்லை. உங்கள் ஐம்பது வருட அனுபவம் யாருக்குச் சாட்சி சொல்கிறது என்று நீங்களே பாருங்கள்.

நம் பக்கத்தில் ஒன்று எனக்கு எப்போதும் புரிவதில்லை. திங்கட்கிழமை காலை சாத்தூர், வெம்பக்கோட்டை சுற்றுப்பட்டு ஊர்களில் பட்டாசு ஆலை வேன்கள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. தூக்குச்சட்டியோடு பெண்கள் ஏறுகிறார்கள். அச்சடித்த ராகு காலத்துக்குள் எத்தனையோ பேர் வேலைக்குள் நுழைகிறார்கள். ஒன்பது மணிக்கு மேல் வருகிறேன் என்று சொல்லிப் பார்க்கட்டும், வேன் நிற்காது. மருந்து கலக்கும் வேலையை வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும் என்பது அங்கே பழக்கம். வெயில் என்பது நிஜமான சூரியன், தாளில் உள்ளது அல்ல. ஆக, அடுத்தவர் நேரத்துக்கு வேலை செய்கிறவர்களுக்கு ராகு காலம் கிடையாது. தன் நேரம் தன் கையில் உள்ளவர்களுக்குத்தான் அது உண்டு.

ஆனால் விபத்து நடந்த மறுநாள் பாருங்கள். டீக்கடையில் யாராவது ஒருவர் அன்றைய தேதித் தாளை நினைவுபடுத்துவார். “சரியா ராகு காலத்துல நடந்திருக்கு” என்பார். இன்னொருவர், இல்லை எமகண்டம் என்பார். ராகுவும் எமகண்டமும் குளிகையும் சேர்ந்தால் பகலில் நாலரை மணி நேரம். எட்டுப் பங்கில் மூன்று பங்கு. எந்த நேரத்தில் நடந்தாலும் ஏதாவது ஒன்று அகப்பட நிறைய வாய்ப்பு உண்டு. அகப்படாவிட்டால் செத்தவருக்குச் சந்திராஷ்டமம். அந்தப் பேச்சு ஓடுகிறவரை, நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள், கலந்த மருந்து எத்தனை மணி வரை அங்கேயே கிடந்தது என்று கேட்க யாருக்கும் வாய் வருவதில்லை. பொறுப்பாக வேண்டியவர்களுக்கு இதைவிடச் சௌகரியமான சாட்சி கிடைக்காது.

தாளை வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நானே தினமும் கிழிக்கிறேன். அமாவாசை என்றைக்கு, கிருத்திகை என்றைக்கு என்று அதில்தான் பார்க்கிறேன். அச்சிடுகிறவர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. 7.30 – 9.00 என்பதற்குப் பதிலாக “பகலின் இரண்டாம் பங்கு” என்று போடுங்கள். எந்த ஊருக்கும் பொருந்தும், ஒரு கட்டும் திரும்பி வராது. வேண்டியவர்கள் தங்கள் ஊர் உதயத்தையும் அஸ்தமனத்தையும் பார்த்து எட்டால் வகுத்துக்கொள்ளட்டும். வகுக்கச் சோம்பல்படுகிறவர்களுக்கு அந்த நேரம் அவ்வளவு முக்கியமில்லை என்று அர்த்தம்.

எங்கள் வீட்டில் இப்போது காலண்டர் அட்டையின் மேல் ஓரத்தில், சாமி படத்துக்குச் சற்று மேலே, ஒரு பத்து இலக்க எண் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. தெருக்கோடியில் உள்ள கார் டிரைவருடையது. நேரம் எதுவானாலும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நாளைக்குத் திங்கட்கிழமை. அவரோடுதான் எனக்கு மதுரையில் கண் பரிசோதனை, ஏழே முக்காலுக்குக் கிளம்புகிறோம். மனைவி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சாயங்காலத்திலிருந்து இரண்டு தடவை காலண்டர் பக்கம் போய்விட்டு வந்தாள்.